எதை வாங்குவது, எதைக் கண்காணிப்பது, எதைக் கணக்குப் பார்ப்பது: உணவக ஸ்டோருக்கான ஒரு தேர்வு வழிகாட்டி

விடுதி மேலாண்மை படிப்பவர்கள் உணவுச் செலவுக் கட்டுப்பாடு தாளில் இப்படியொரு கேள்வியை எதிர்பார்க்கலாம்: ஓர் உணவகத்தின் ஸ்டோர் ரூமை நிர்வகிக்க சரக்குச் சுழற்சி விகிதம், பார் ஸ்டாக், ஏபிசி பகுப்பாய்வு ஆகிய மூன்றில் எது பொருத்தமானது, காரணம் கூறுக. மூன்றுக்கும் விளக்கம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நிறை குறை அடுக்கி, மூன்றும் தேவை என்று முடித்துவிடுவது சுலபம். ஆனால் கேட்டது எது பொருத்தம் என்று. இந்த மூன்றும் ஒரே கேள்விக்குப் போட்டி போடும் மூன்று விடைகள் அல்ல என்பதைப் பிடித்துக்கொண்டால்தான் அதற்குப் பதில் எழுத முடியும். சுழற்சி விகிதம் போன மாதம் சரக்கு எப்படி ஓடியது என்று சொல்கிறது. பார் ஸ்டாக் நாளைக்கு எவ்வளவு ஆர்டர் போடுவது என்று சொல்கிறது. ஏபிசி எந்தப் பொருளின் மேல் கண் வைப்பது என்று சொல்கிறது. இவற்றுக்குள் ஒரு வரிசையும் உண்டு: முதலில் ஏபிசி, அதைக் கொண்டு பார், கடைசியில் சரிபார்க்க சுழற்சி விகிதம். இதைத் தலைகீழாகச் செய்தால் கணக்கு சரியாக வந்து முடிவு தப்பாகப் போகும். எப்படிப் போகிறது என்பதை ஒரே ஒரு ஸ்டோரை வைத்துப் பார்த்துவிடலாம்.

சீரக சம்பா அரிசியில் பிரியாணி போடும் ஒரு நடுத்தர உணவகம் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை, ஆனால் அந்த அளவு கடையில் நடக்கக்கூடியவை. ஸ்டோரில் கணக்கில் வரும் பொருட்கள் பத்து. ஒரு மாதத்தில் அடுப்படிக்குப் போன அளவு இது: அரிசி 900 கிலோ, கிலோ 120 ரூபாய் வீதம் 1,08,000. எண்ணெய் 36,000, நெய் 36,000. முந்திரி 20 கிலோ, 18,000. ஏலக்காய் 4 கிலோ, 12,000. மிளகாய்த்தூள் 12,000. பட்டை, கிராம்பு வகையறா 9,000, துவரம் பருப்பு 4,500, சர்க்கரை 2,700, உப்பு 1,800. மொத்தம் 2,40,000 ரூபாய். மாதத் தொடக்கத்தில் இருப்பு 1,15,000, அந்த மாதம் ஸ்டோருக்கு வாங்கியது 2,50,000, மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்த இருப்பு 1,25,000. தொடக்க இருப்போடு வாங்கியதைக் கூட்டி, கடைசி இருப்பைக் கழித்தால் அதே 2,40,000 வருகிறது. இந்த உணவகத்தில் ஆட்டிறைச்சி, கோழி, வெங்காயம், தக்காளி, தயிர் எல்லாம் அன்றன்று வந்து நேராக அடுப்படிக்குப் போய்விடுகின்றன. அவற்றின் மாதச் செலவு 6,00,000. இந்தக் கடைசி எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுழற்சி விகிதம் போடுவது எளிது. மாதத்தில் செலவான சரக்கின் மதிப்பை சராசரி இருப்பால் வகுக்க வேண்டும். தொடக்க இருப்பையும் கடைசி இருப்பையும் கூட்டிப் பாதியாக்கினால் சராசரி 1,20,000. ஆக 2,40,000-ஐ 1,20,000-ஆல் வகுக்க 2 வருகிறது. ஸ்டோர் மாதத்தில் இரண்டு முறை காலியாகி நிரம்பியிருக்கிறது, சராசரியாக ஒரு பொருள் 15 நாள் அலமாரியில் இருந்திருக்கிறது என்று பொருள். இங்கேதான் முதல் சறுக்கல் வருகிறது. வினாத்தாளில் மாத உணவுச் செலவு 8,40,000 என்று கொடுத்து, சராசரி ஸ்டோர் இருப்பு 1,20,000 என்றும் கொடுத்திருந்தால், அவசரத்தில் ஒன்றை மற்றொன்றால் வகுத்து 7 என்று எழுதிவிடுவோம். அந்த 8,40,000-இல் இறைச்சியும் காய்கறியுமான 6,00,000 அடங்கியிருக்கிறது. அது ஒரு ராத்திரிகூட ஸ்டோரில் தங்கவில்லை. மேலே தங்காத சரக்கு, கீழே தங்கிய சரக்கு என்று வைத்து வகுத்தால், 15 நாள் தூங்கிக்கொண்டிருக்கும் ஸ்டோர் நாலு நாளைக்கு ஒரு தடவை சுழல்வதுபோல் தோன்றும். பாடநூல்களில் உணவுப் பொருளுக்கு மாதம் 2 முதல் 4 முறை, மதுவகைகளுக்கு அரை முதல் ஒரு முறை என்று ஓர் அளவுகோல் வழக்கமாகச் சொல்லப்படும். அந்த அளவுகோல் எந்த அடிப்படையில் போடப்பட்டதோ அதே அடிப்படையில் நம் கணக்கும் இருந்தால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். கேள்வியில் பிரித்துக் கொடுக்கவில்லை என்றால், நேரடிக் கொள்முதலைச் சேர்த்திருக்கிறேன் அல்லது நீக்கியிருக்கிறேன் என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கணக்கைத் தொடங்குவது நல்லது. திருத்துபவருக்கு அந்த ஒரு வரியே போதும், விஷயம் புரிந்து எழுதுகிறார் என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது சறுக்கல் இன்னும் மோசமானது, ஏனென்றால் அதில் எண் நல்ல செய்தி சொல்வதுபோல் இருக்கும். இதே மாதத்தில் ஸ்டோரிலிருந்து 10,000 ரூபாய் மதிப்புள்ள நெய்யும் ஏலக்காயும் யாருக்கும் தெரியாமல் வெளியே போய்விட்டது என்று வையுங்கள். கடைசி இருப்பு 1,25,000-க்குப் பதில் 1,15,000 ஆகிவிடும். சூத்திரப்படி செலவு 2,50,000 என்று வரும். சராசரி இருப்பு 1,15,000 ஆகும். விகிதம் 2.17. திருட்டு நடந்த மாதத்தில் சுழற்சி முன்னேறியிருக்கிறது! சூத்திரத்தில் தவறில்லை. அதற்குத் தெரிந்தது ஒன்றுதான்: முன்பு இருந்தது இப்போது இல்லை. அது தட்டில் பரிமாறப்பட்டதா, கெட்டுப்போய்க் கொட்டப்பட்டதா, பையில் போனதா என்று அதற்குத் தெரியாது. கண்டுபிடிக்க ஒரு வழி, அடுப்படி கொடுத்த இன்டென்ட் சீட்டுகளின் மொத்த மதிப்பைத் தனியாகக் கூட்டிப் பார்ப்பது. இன்டென்ட் 2,40,000 என்றும் சூத்திரம் 2,50,000 என்றும் சொன்னால், நடுவில் உள்ள 10,000-க்கு ஸ்டோர் கீப்பர் கணக்குச் சொல்ல வேண்டும். விகிதம் ஏறினால் நிர்வாகம் நன்றாக நடக்கிறது என்று ஒரே மூச்சில் எழுதிவிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் காட்ட வேண்டும்.

இவ்வளவும் தாண்டி, நேர்மையாகப் போட்ட 2 என்ற விகிதமும் ஒரு சராசரிதான். அதைப் பார்த்து எந்த மூட்டையைக் குறைப்பது என்று எவராலும் சொல்ல முடியாது. பொருள் வாரியாகப் பிரித்தால்தான் உள்ளே நடப்பது தெரியும். அந்த 1,20,000 சராசரி இருப்பில் அரிசி 24,000, எண்ணெய் 12,000, நெய் 12,000. முந்திரி மட்டும் 30 கிலோ கிடக்கிறது, அதன் மதிப்பு 27,000. ஏலக்காய் 9,000, மிளகாய்த்தூள் 6,000, மீதி நான்கு பொருளும் சேர்ந்து 30,000. இப்போது தனித்தனியாக வகுத்துப் பாருங்கள். அரிசி மாதம் நாலரை முறை சுழல்கிறது. எண்ணெயும் நெய்யும் மூன்று முறை. முந்திரியோ முக்கால் முறைகூட இல்லை. மாதம் 20 கிலோ தேவைப்படும் இடத்தில் சராசரியாக 30 கிலோ இருப்பு என்றால், அது 45 நாள் சரக்கு. விலை குறைவாகக் கிடைத்தது என்று யாரோ மொத்தமாக இறக்கிவிட்ட அடையாளம் அது. முந்திரிக்கு எண்ணெய்ப் பசை அதிகம், வெப்பமான அறையில் நாள் ஆக ஆகச் சிக்கு வாடை அடிக்கும். 2 என்ற மொத்த எண்ணுக்குள் வேகமாக ஓடும் அரிசியும் ஓடாத முந்திரியும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஆக, சுழற்சி விகிதத்தைக் கொண்டு ஒரு முடிவு எடுக்க வேண்டுமென்றால், சரக்கை முதலில் வகை பிரித்தாக வேண்டும். அங்கேதான் ஏபிசி உள்ளே வருகிறது.

ஏபிசி பகுப்பாய்வை சரக்கு நிர்வாகத்துக்குள் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபோர்டு டிக்கி. 1951-இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்து இது பரவியது. எதிலும் சிறுபான்மையே பெரும்பங்கைத் தாங்கும் என்ற எண்ணம் இத்தாலியப் பொருளியலாளர் பரேட்டோவின் பெயரில் வழங்குகிறது. ஸ்டோரில் செய்ய வேண்டிய வேலை இதுதான்: ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு காலத்தில் செலவான அளவை விலையால் பெருக்கு, வரும் தொகையைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கு, மேலிருந்து கூட்டிக்கொண்டே வந்து மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று குறி. நம் கடையில் அரிசி, எண்ணெய், நெய் மூன்றும் சேர்ந்து 1,80,000, அதாவது 75 சதவீதம். இவை ஏ. முந்திரி, ஏலக்காய், மிளகாய்த்தூள் சேர்ந்து 42,000, 17.5 சதவீதம். இவை பி. மீதி நான்கும் 18,000, வெறும் 7.5 சதவீதம். இவை சி. பத்துப் பொருளில் மூன்று ஏ என்றால் 30 சதவீதம் ஆகிறதே, 10 முதல் 20 சதவீதம்தானே இருக்க வேண்டும் என்று தயங்க வேண்டாம். நூற்றுக்கணக்கான பொருள் உள்ள ஸ்டோரில் வரும் விகிதம் பத்துப் பொருளில் அச்சு அசலாக வராது. எங்கே கோடு போடுவது என்பது தொகையில் எங்கே பெரிய சரிவு விழுகிறது என்பதைப் பார்த்து எடுக்கும் முடிவு. தனித்து நிற்கும் அரிசியை விட்டால், இங்கே 36,000-லிருந்து 18,000-க்குப் பாதியாக விழுகிறது. கோடு அங்கேதான்.

இந்த இடத்தில் சறுக்க வைப்பது ஏலக்காய். கிலோ 3,000 ரூபாய், ஸ்டோரிலேயே விலை உயர்ந்த பொருள், ஆகவே ஏ என்று எழுதத் தோன்றும். ஏபிசி கிலோ விலையைப் பார்ப்பதில்லை, மாதத்தில் அதற்குப் போன மொத்தப் பணத்தைப் பார்க்கிறது. ஏலக்காய் 12,000, கிலோ 120 ரூபாய் அரிசியோ 1,08,000. அரிசி விலையில் கிலோவுக்கு 5 ரூபாய் பேரம் பேசிக் குறைத்தால் மாதம் 4,500 மிச்சம். ஏலக்காயில் அதே தொகையை மிச்சப்படுத்த வேண்டுமென்றால் கிலோவுக்கு 1,125 ரூபாய் குறைக்க வேண்டும், நடக்கிற காரியமா? பேரத்துக்கும் கொள்முதல் திட்டத்துக்கும் ஏபிசியின் தீர்ப்பே சரி. ஆனால் ஒரு கைப்பிடிக்குள் நிறையப் பணம் அடங்கிவிடும் பொருள் என்பதால், ஏலக்காயை பி என்று எழுதிவிட்டுத் திறந்த அலமாரியில் வைக்கவும் முடியாது. வகை பி, பூட்டு ஏ. இதை விடையில் எழுதினால் பகுப்பாய்வின் எல்லையும் தெரியும் என்று காட்டியதாகும்.

ஏபிசிக்கு எதிராக வைக்கப்படும் வலுவான வாதம் உப்பைப் பற்றியது. மாதம் 1,800 ரூபாய்தான் என்று உப்பை சி-யில் தள்ளி, கண்டுகொள்ளாமல் விட்டால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உப்பு இல்லாமல் பிரியாணி நின்றுபோகும். பணத்தின் அளவும் அவசியத்தின் அளவும் ஒன்றல்ல என்பது நியாயமான மறுப்பு. இதற்காகத்தான் மருத்துவமனை மருந்துக் கிடங்குகளில் ஏபிசியோடு, இல்லாவிட்டால் உயிர் போகும், இல்லாவிட்டால் சிரமம், இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று மூன்றாகப் பிரிக்கும் இன்னொரு பகுப்பும் பயன்படுகிறது. உணவகத்திலும் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் இந்த மறுப்பு ஏபிசியை வீழ்த்துவதில்லை, சி வகையைப் பற்றிய ஒரு தவறான புரிதலைத்தான் வீழ்த்துகிறது. சி என்றால் குறைவாக வை என்று அர்த்தமில்லை. குறைவாகக் கவலைப்படு என்று அர்த்தம். குறைவாகக் கவலைப்பட வேண்டுமென்றால் தாராளமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மாத உப்பைக் கூடுதலாக வைத்திருக்க முடங்கும் பணம் 1,800 ரூபாய். ஒரு மாத அரிசியைக் கூடுதலாக வைத்திருந்தால் 1,08,000 முடங்கும், வண்டும் வரும். உப்புக்கு இரண்டு டப்பா போதும்: ஒன்று தீர்ந்து இரண்டாவதைத் திறக்கும்போது ஆர்டர். தினம் எண்ண வேண்டியதில்லை. அந்த நேரத்தில் ஸ்டோர் கீப்பர் நெய் டின்களை எண்ணலாம். சி வகையில் ஒரே ஒரு விதிவிலக்கு, மணம் போகும் மசாலாப் பொருட்கள். அவற்றை விலை மலிவு என்று குவித்துவைக்கக் கூடாது. நம் கடையில் சி வகை 50 நாள் சரக்காக இருப்பது உப்புக்குப் பிரச்சினையில்லை, பட்டை கிராம்புக்கு யோசிக்க வேண்டிய விஷயம்.

எதில் கவனம் என்று தெரிந்துவிட்டது. இனி எவ்வளவு என்ற கேள்வி. இதற்கு ஏபிசியிடம் பதில் இல்லை, சுழற்சி விகிதத்திடமும் இல்லை. பார் ஸ்டாக் மட்டுமே ஆர்டர் புத்தகத்தில் எழுதக்கூடிய ஓர் எண்ணைத் தருகிறது. சரக்கு வந்து இறங்கியதும் அலமாரியில் இருக்க வேண்டிய அளவு என்று அதைச் சொல்லலாம்: அடுத்த வண்டி வரும்வரை தேவைப்படும் அளவு, அதன் மேல் பாதுகாப்புக்கு ஒரு பங்கு. அரிசியை எடுத்துக்கொள்வோம். மாதம் 900 கிலோ என்றால் ஒரு நாளைக்கு 30. ஆனால் எந்த நாளிலும் 30 கிலோ வேகவில்லை. திங்கள் முதல் வெள்ளிவரை நாளுக்கு 24 கிலோ, சனி ஞாயிறு 45 கிலோ. வாரத்துக்கு 210. அரிசி மண்டியிலிருந்து வண்டி திங்கள் காலையும் வெள்ளி காலையும் வருகிறது. திங்கள் இறங்கும் அரிசி வியாழன்வரை, அதாவது நாலு நாளைக்கு 96 கிலோ. வெள்ளி இறங்குவது வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளைக்கு 114 கிலோ. வண்டி ஒரு நாள் தாமதமானால் சமாளிக்க 24 கிலோ பாதுகாப்பு இருப்பு. எனவே திங்கள் பார் 120, வெள்ளி பார் 138. அரிசி மூட்டையில் வருகிறது. 2022 ஜூலையில் 25 கிலோவும் அதற்குக் குறைவாகவும் உள்ள பொட்டலங்களுக்கு ஜிஎஸ்டி வந்ததிலிருந்து 26 கிலோ மூட்டை சகஜமாகிவிட்டது. வரிச் சட்டத்தின் ஒரு வரி பார் ஸ்டாக் கணக்குக்குள் வந்து உட்கார்ந்துகொள்வது வேடிக்கைதான். மூட்டைக் கணக்கில் திங்கள் 5 மூட்டை, 130 கிலோ. வெள்ளி 6 மூட்டை, 156 கிலோ.

இதையே நாள் சராசரி 30 என்று வைத்துப் போட்டால் என்ன ஆகும்? வெள்ளிக்கு மூன்று நாளைக்கு 90, பாதுகாப்பு 24, மொத்தம் 114. உண்மையில் மூன்று நாளில் வேகப்போவதே 114. ஞாயிறு இரவு கடை மூடும்போது பாதுகாப்பு இருப்பு ஒரு கிலோகூட மிஞ்சாது. திங்கள் வண்டி தாமதமானால் அன்றைக்கு பிரியாணி இல்லை. திங்களுக்கு 144 என்று வரும், தேவையைவிட ஒரு நாள் சரக்கு அதிகம். ஒரே சராசரி வார இறுதியில் பற்றாக்குறையையும் வார நாளில் தேக்கத்தையும் சேர்த்தே கொடுக்கிறது. அதனால் ஒரு பொருளுக்கு ஒரே பார் என்று எழுதும் விடை அரைகுறைதான். காலமும் இதில் சேரும். புரட்டாசியில் பலர் அசைவத்தைத் தொடுவதில்லை, ஆகவே தமிழ்நாட்டு பிரியாணிக் கடை செப்டம்பர் பாதியிலேயே அரிசியின் பாரைக் குறைக்க வேண்டும். புரட்டாசி முடிந்த வாரத்தில் மறுபடி ஏற்ற வேண்டும். பின் கார்டில் பென்சிலால் எழுதிய பார் எண்ணை ஆறு மாதமாக யாரும் மாற்றவில்லை என்றால், அங்கே பார் முறை இருக்கிறது என்று சொல்வதற்கில்லை.

பார் சரியாக இருந்தும் ஆர்டர் தப்பாகும் ஓர் இடம் இருக்கிறது, கணக்குக் கேள்விகளில் மதிப்பெண் போவதும் அங்கேதான். வெள்ளி வரும் வண்டிக்கு வியாழன் காலையே ஆர்டர் சொல்ல வேண்டும். திங்கள் 130 கிலோவில் தொடங்கி மூன்று நாள் 24 வீதம் போனபின் வியாழன் காலை எண்ணினால் 58 கிலோ இருக்கும். வெள்ளி பார் 156, இருப்பு 58, கழித்தால் 98 என்று எழுதிவிடுகிறார்கள். வியாழன் முழுக்க வேகப்போகும் 24 கிலோ எங்கே போயிற்று? வெள்ளி காலை மீதி இருக்கப்போவது 34 தான். 98 கிலோ வந்தால் 132 ஆகும், பாருக்கு 24 கிலோ குறைவு. பாதுகாப்புக்கென்று ஒதுக்கிய 24 கிலோவுக்குச் சமமான அளவு ஆர்டர் போடும்போதே காணாமல் போய்விட்டது. சரியான ஆர்டர் என்பது பாரிலிருந்து இருப்பைக் கழித்து, ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வரும்வரை செலவாகும் அளவைக் கூட்டுவது: 156 கழித்தல் 58, கூட்டல் 24, ஆக 122 கிலோ. மூட்டைக் கணக்கில் 5. பார் அளவையும் மறு ஆர்டர் அளவையும் ஒன்றென்று குழப்பிக்கொள்வதும் இதோடு ஒட்டிய தவறு. பார் என்பது குறித்த நாளில் எண்ணி, அந்த உயரம்வரை நிரப்பும் முறை. மறு ஆர்டர் அளவு என்பது இருப்பு இந்தக் கோட்டைத் தொட்டதும், எந்த நாளானாலும், ஆர்டர் போடு என்று சொல்வது. அதற்கு ஒவ்வொரு வரவும் செலவும் உடனுக்குடன் பதிவாகிக்கொண்டிருக்க வேண்டும். வண்டி வரும் நாள் நிச்சயமாக இருக்கும் அரிசிக்குப் பார் பொருந்தும். அவ்வப்போது தேவைப்படும், எப்போது கேட்டாலும் கிடைக்கும் பொருளுக்கு மறு ஆர்டர் அளவு பொருந்தும். மேலே சொன்ன உப்பு டப்பா அதன் எளிய வடிவம்தான்.

இரண்டு மறுப்புகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சின்னக் கடைக்கு ஏபிசி எதற்கு, எல்லாவற்றுக்கும் பார் எழுதி ஒட்டிவிட்டால் போதாதா என்பது ஒன்று. பத்துப் பொருளுக்குப் போதும்போலத்தான் தோன்றும். ஆனால் பாரில் பாதுகாப்பு இருப்பு எவ்வளவு என்பதை யார் தீர்மானிப்பது? அரிசிக்கு ஒரு நாள், உப்புக்கு ஒரு மாதம் என்று நாம் மேலே வைத்தது வகை பிரித்ததால்தான். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி ஒரு வாரப் பாதுகாப்பு என்று வைத்தால், அரிசியில் வீணாகப் பணம் முடங்கும், உப்பில் தேவையில்லாமல் எண்ணிக்கொண்டிருப்போம். சின்னக் கடையில் ஏபிசி ஒரு தாளில் அரை மணி நேர வேலை, அவ்வளவே. இன்னொரு மறுப்பு, சுழற்சி எவ்வளவு வேகமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது, ஆகவே விகிதத்தை ஏற்றுவதையே இலக்காக வைக்கலாமே என்பது. அரிசியைத் தினமும் ஒரு மூட்டை வாங்கினால் விகிதம் எகிறும். மண்டி விலை போய்ப் பக்கத்து மளிகைக்கடை விலை வரும், ஒவ்வொரு நாளும் இறக்கக் கூலி, தினம் ஒரு பில், மழை பெய்த நாளில் அரிசியே இல்லை. விகிதம் 10-ஐத் தாண்டும் ஸ்டோரைப் பார்த்தால் பாராட்டுவதற்கு முன் அவசரக் கொள்முதல் பில்களை எடுத்துப் பார்ப்பது நல்லது. இலக்காக வைக்க வேண்டியது விகிதத்தை அல்ல. சரியான பாரை வைத்தால் விகிதம் தானாக ஓர் இடத்தில் வந்து நிற்கும்.

நம் கடையில் அது எங்கே வந்து நிற்கிறது என்று பார்ப்போம். புது பார்ப்படி அரிசியின் சராசரி இருப்பு 200 கிலோவிலிருந்து ஏறத்தாழ 100 கிலோவாகக் குறையும், 12,000 ரூபாய் விடுபடும். முந்திரிக்கு இரண்டு வாரத்துக்கொரு முறை வாங்கி சராசரி 10 கிலோ என்று வைத்தால் 18,000 விடுபடும். மற்ற எதையும் தொடவில்லை. சராசரி இருப்பு 90,000, விகிதம் 2.67, நாள் கணக்கில் 15 போய் 11 சொச்சம். விடுபட்ட 30,000-இல் பெரும்பகுதி பி வகையிலிருந்து வந்திருப்பதைக் கவனியுங்கள். செலவில் பெரியது அரிசி, ஆனால் தேக்கத்தில் பெரியது முந்திரி. ஏபிசி மட்டும் போட்டிருந்தால் இது தெரிந்திருக்காது, வகை வாரியான சுழற்சியைப் பக்கத்தில் வைத்ததால்தான் தெரிந்தது.

ஆகவே தேர்வில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது வினாவில் கொடுத்திருக்கும் நிலைமையைப் பொறுத்தது. பணம் ஸ்டோரில் முடங்கிக் கிடக்கிறது, பொருள் கெடுகிறது என்று கேள்வி சொன்னால் சுழற்சி விகிதத்தில் தொடங்குங்கள், ஆனால் பொருள் வாரியாகப் பிரித்துக் காட்டுங்கள். ஆள் குறைவு, பொருள் ஏராளம், எதைக் கட்டுப்படுத்துவது என்று கேட்டால் ஏபிசி. பரிமாறும் நேரத்தில் பொருள் இல்லாமல் போகிறது, அல்லது எவ்வளவு ஆர்டர் என்று கேட்டால் பார். புதிதாகத் திறக்கப்போகும் உணவகம் என்று கொடுத்திருந்தால் பார் ஒன்றுதான் சாத்தியம். மற்ற இரண்டுக்கும் கடந்த மாதக் கணக்கு வேண்டும், பாருக்கோ மெனுவும் எத்தனை பேர் வருவார்கள் என்ற மதிப்பீடும் இருந்தால் தற்காலிகமாக ஓர் எண் எழுதிவிட முடியும். முதல் மாதம் முடிந்ததும் ஏபிசி போட்டு அந்த எண்களைத் திருத்தலாம். நிலைமை எதுவும் சொல்லாமல் ஒன்றை மட்டும் தேர்ந்தெடு என்று கேட்டாலும் என் விடை பார்தான்: விகிதமும் வகைப்பட்டியலும் இல்லாத ஸ்டோரில் சமையல் நடந்துவிடும், வெள்ளிக்கிழமை எத்தனை மூட்டை என்று தெரியாத ஸ்டோரில் நடக்காது. எதைத் தேர்ந்தெடுத்தாலும், கணக்கைத் தொடங்குமுன் நேரடிக் கொள்முதலைச் சேர்த்தீர்களா நீக்கினீர்களா என்ற அந்த ஒரு வரியை எழுத மறக்காதீர்கள்.